குரல் நாண் முடிச்சும் பாலிப்பும்: பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

எனக்கு வந்தது முடிச்சு. வகுப்பில் சத்தமாகப் பேசிப் பேசி வந்தது. என் அத்தை மகளுக்கு வந்தது பாலிப். அவள் மேடையில் பாடுகிறவள். நான் குரல் பயிற்சியோடு நின்றேன், அவள் அறுவை சிகிச்சை வரை போனாள். எந்தப் பக்கம் முதலில் போவது என்று கேட்டால், பயிற்சி என்றுதான் சொல்வேன்.

தொண்டைக்குள் கேமரா விட்டு நாண்களைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பி படத்தில் முடிச்சு என்பது இரண்டு நாண்களிலும் நேருக்கு நேர் தெரியும் வெளிறிய சிறு தடிப்பு. அதிரும்போது நாண்கள் பலமாக மோதிக்கொள்ளும் நடுப்பகுதியில்தான் அது வரும். பாலிப் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும்; சிவந்தோ, நீர் கோத்தது போலப் பளபளப்பாகவோ, சில சமயம் காம்போடு தொங்கியோ தெரியும். ஒரே ஒரு முறை உரக்கக் கத்தியதில் சிறு இரத்தக்குழாய் உடைந்துகூட வரலாம்.

ஆனால் ஒரே படத்தை வைத்து முடிவு செய்வது ஆபத்து. அத்தை மகளின் முதல் படத்தில் இரண்டு பக்கமும் வீக்கம் தெரிந்ததால் முடிச்சு என்றார்கள். ஸ்ட்ரோபோஸ்கோப்பியில் விளக்கு விட்டு விட்டு ஒளிர்வதால் நாணின் அசைவு மெதுவாகத் தெரியும். அதில் பார்த்தபோது வலப்பக்கம் சிவந்த கட்டி தனியாக ஆடியது. இடப்பக்கம் இருந்தது அந்தக் கட்டி உரசி உரசி ஏற்பட்ட தடிப்பு மட்டுமே. சில மாதப் பயிற்சியில் இடப்பக்கத் தடிப்பு வற்றியது, வலப்பக்கக் கட்டி அப்படியே நின்றது. அதன் பிறகுதான் அதை நீக்கினார்கள்.

நான் பயிற்சியை முதலில் வைக்க முக்கியக் காரணம் தழும்பு. குரல் தெளிவாக வர நாணின் மேல்தோல், அடியிலுள்ள மெல்லிய மென்படலத்தின் மேல் அலை போல நகர வேண்டும். அறுவைக் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் அந்த இடம் இறுகி, அலை நின்றுவிடும். அதைப் பழையபடி மீட்பது மிகக் கடினம். முடிச்சுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மோதல் தொடர்ந்தால் அறுத்த இடத்திலேயே மறுபடி வரும். அதாவது அறுவைக்குப் பிறகும் பயிற்சி வேண்டும், பல நாள் மௌனமும் வேண்டும். நான் செய்தது சாதாரணமானதுதான்: ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னபடி தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதிக்கொண்டே ஒலி எழுப்புவது, அப்புறம் வகுப்பில் மைக். குரல் கம்மல் மெல்ல மெல்லத்தான் குறைந்தது.

பாலிப்பில் நான் பார்த்தது இந்த ஒருவரைத்தான். சிறிய பாலிப் பயிற்சியிலேயே சுருங்குவதும் உண்டு. பெரிதாகவோ காம்போடோ இருந்தால் அறுவைதான் வழக்கம். புற்றுநோய் அபாயம் இருப்பதால் புகைபிடிப்பவர்களுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. படத்தில் வெள்ளைத் திட்டோ புண்ணோ தெரிந்தால், மூச்சுத் திணறினால், பயிற்சி முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஈ.என்.டி. மருத்துவரிடம் போய் திசுப் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.