திரும்பி வந்த சரக்குக்கு எந்தக் காகிதம்?

சரக்கு திரும்பினால் மூன்று வழி உண்டு: விற்றவர் கிரெடிட் நோட் போடலாம், வாங்கியவர் டெபிட் நோட் போடலாம், அல்லது வாங்கியவரே புது இன்வாய்ஸ் போட்டுத் திருப்பி விற்கலாம்.

இதில் சரக்கை வாங்கிய கடைக்காரர் போடும் டெபிட் நோட்டை நம்பி ஜிஎஸ்டியைக் குறைக்க முடியாது. அது கணக்குப் புத்தகத்துக்கும் "இவ்வளவு கழிச்சுக்குங்க" என்று சொல்வதற்கும் மட்டும்தான். சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்லும் டெபிட் நோட் வேறு; வரியைக் குறைவாகப் போட்டுவிட்டால் விற்றவர் கொடுப்பது அது.

ஈரோட்டு மொத்த வியாபாரி 2025 பிப்ரவரியில் மதுரைக் கடைக்கு ரூ.2 லட்சத்துக்குச் சேலை அனுப்பினார்; வரி 5%. ஆகஸ்டில் ரூ.40,000 சரக்கு திரும்பியது. அவர் ரூ.40,000-க்கும் அதன் வரி ரூ.2,000-க்கும் கிரெடிட் நோட் போட்டு, ஆகஸ்ட் மாத விற்பனை ரிட்டர்னான GSTR-1-இல் 9B அட்டவணையில் ஏற்றுகிறார். வரி கட்டும் ரிட்டர்னான அந்த மாத GSTR-3B-இல் அவர் கட்டும் வரி ரூ.2,000 குறையும். கடைக்காரர் வாங்கியதற்கான வரிப் பட்டியலான GSTR-2B-இல் அது தெரியும். வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள அவர் எடுத்த உள்ளீட்டு வரியிலிருந்து அதே ரூ.2,000 போகும். இங்கே ஒரு சிக்கல். வந்த பில்களையும் நோட்டுகளையும் ஏற்கவோ மறுக்கவோ ஜிஎஸ்டி தளத்தில் உள்ள IMS-இல் கடைக்காரர் அந்த நோட்டை நிராகரித்தால், அடுத்த மாதம் அந்தத் தொகை விற்றவர் தலையிலேயே ஏறும். போடும் முன் ஒரு போன் பேசிவிடுவது நல்லது.

கிரெடிட் நோட்டுக்கான கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சரக்கு திரும்பிய தேதி கணக்கில்லை, விற்ற நிதியாண்டுதான் கணக்கு. பிப்ரவரி 2025 விற்பனைக்குக் கெடு 2025 நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், எது முந்தியதோ அது. அதே சேலை ஏப்ரலில் விற்றிருந்தால் 2026 நவம்பர் வரை நேரம் இருக்கும். இன்னொன்று, நவம்பர் 25-இல் நோட் போட்டால் அது நவம்பர் மாத ரிட்டர்னில் போகும். அதைத் தாக்கல் செய்வதோ டிசம்பரில். கெடு முடிந்துவிடும். ஆகவே நடைமுறையில் அக்டோபருக்குள் போட்டாக வேண்டும்.

கெடு தாண்டினால் வரியில்லாத வணிக கிரெடிட் நோட் போடலாம். ரூ.2,000 விற்றவருக்கு நஷ்டம். கடைக்காரர் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்கு இந்தக் கெடு இல்லை. மதுரைக் கடை ரூ.40,000-க்கு 5% வரியோடு இன்வாய்ஸ் போடும். ஈரோட்டுக்காரர் அந்த ரூ.2,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுப்பார். காலாவதி மருந்துக்காக வந்த 2018 சுற்றறிக்கை 72, மற்றச் சரக்குத் திரும்பலுக்கும் இது பொருந்தும் என்கிறது. ஆனால் கடையின் விற்றுமுதல் ரூ.40,000 ஏறிவிடும். விற்றுமுதலில் சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் கடை என்றால் அது வரி இன்வாய்ஸ் போட முடியாது, வெறும் சப்ளை பில்தான். அங்கே ஈரோட்டுக்காரருக்கு எடுக்க வரியே இருக்காது.