கூகுள் மப்பா, பேஸ்புக் பக்கமா: ஸ்டூடியோ இல்லாத படப்பிடிப்பாளரின் கணக்கு

ஹற்றனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில் இருந்துகொண்டு கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று படம் பிடித்துப் பிழைக்கிறேன். ஸ்டூடியோ கிடையாது. இரண்டு கமரா, மூன்று லென்ஸ், வீட்டு முன்னறையில் ஒரு கணினி, அவ்வளவுதான். ஆறு வருடமாக பேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பியிருந்தேன். போன வருடம்தான் கூகுள் மப்பில் தொழிலைப் பதிந்தேன். இரண்டும் இலவசம், இரண்டிலும் படமும் போன் நம்பரும் போடலாம். அதில் பேச ஒன்றுமில்லை. என் சாய்வு கூகுள் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பேஸ்புக்கைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணப் பெண்ணை டெக் பண்ணி நாலு படம் போட்டால் அன்று இரவே அவளுடைய சொந்தமெல்லாம் பார்த்துவிடும். ஆனால் அந்தப் படம் மூன்றாம் நாள் கீழே போய்விடும். பக்கம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் நாம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை குறைவு, போட எதுவும் இராது. அந்த இரண்டு மாதம் பக்கம் பூட்டிய கடைதான்.

தேடி வருகிறவர்கள் வேறு ரகம். நோர்வூட்டில் தங்கைக்குக் கல்யாணம், அண்ணன் கொழும்பில் வேலை. ஊரில் யார் படம் பிடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. போனை எடுத்து `photographer hatton` என்று தட்டுகிறார். மப்போடு மூன்று பெயர் வருகிறது, பக்கத்தில் நட்சத்திரம். அந்த மூன்றில் ஒன்றாக இருப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

பதிவது லேசு. முதன்மை வகையில் வெறும் Photographer என்று போடாமல், வருமானம் அதிகம் வரும் வேலை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். நான் Wedding photographer என்பதை முதலில் வைத்து, மற்றதைக் கூடுதல் வகையாகச் சேர்த்தேன். வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட்டு, போகும் ஊர்களைச் சேவைப் பகுதியாகக் கொடுக்க வேண்டும். 20 ஊர் வரை கொடுக்கலாம். இருக்கும் இடத்திலிருந்து சுமார் 2 மணி நேரப் பயணத்துக்குள் இருப்பது முறை. சமவெளிக்காரருக்கு 2 மணி நேரம் என்றால் எவ்வளவோ தூரம். நம் வளைவுகளில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா என்று போட்டாலே முக்கால்வாசி தீர்ந்தது. இன்னொன்று: ஊர்ப் பெயரைச் சேர்த்ததால் அந்த ஊரில் மேலே வந்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள். முகவரியை மறைத்தாலும் தூரத்தை கூகுள் நம் இடத்திலிருந்துதான் பார்க்கிறது. நுவரெலியாவில் தேடுகிறவருக்கு நான் அநேகமாகத் தெரிய மாட்டேன்.

தொழில் உண்மைதான் என்று உறுதிப்படுத்த கூகுள் என்னிடம் வீடியோ கேட்டது. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே இழுவையில் எடுக்க வேண்டும். சந்தியில் ஊர்ப் பெயர்ப் பலகையில் தொடங்கி, வீட்டுக்குள் வந்து, கமராப் பையைத் திறந்து காட்டி, பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழில் முடித்தேன். மனிதர் முகம் வரக் கூடாது. முதல் தடவை பின்னேரம் எடுத்ததில் பனிமூட்டத்தில் பலகையே வாசிக்க முடியவில்லை. மறுநாள் காலை வெயிலில் எடுத்த பிறகுதான் சரிவந்தது.

பெயரில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரோடு, தேடலில் மேலே வரட்டும் என்று ஊர்ப் பெயரையும் வேலையையும் ஒட்டிவிட்டேன். அது விதிக்குப் புறம்பு. பதிவு நிறுத்தப்பட்டது. பெயரைத் திருத்தி, சான்றிதழை அனுப்பி மேன்முறையீடு செய்து மீட்டேன். ஆகவே கார்டிலும் சான்றிதழிலும் என்ன பெயரோ அதையே போடுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

சரி, எனக்குத் தராசைச் சாய்த்தது ரிவியூ. பேஸ்புக்கில் 2018இலிருந்து நட்சத்திரம் கொடுக்கும் முறை இல்லை. பரிந்துரைக்கிறீர்களா, ஆமா இல்லையா என்றுதான் கேட்கும். ஆமா என்று சொல்ல நம் ஆட்கள் தயங்குவதில்லை. ஆனால் பக்கத்துக்கு உள்ளே போய்ப் பார்ப்பவர்தான் அதை வாசிப்பார். கூகுளில் தேடிய இடத்திலேயே, பெயருக்குக் கீழேயே நிற்கிறது. ஒரு வருடத்துக்கு முன் எழுதியது இன்றும் வேலை செய்கிறது. மழைக்காலத்தில் நான் சும்மா இருந்தாலும் அது சும்மா இருப்பதில்லை.

சேர்ப்பதில்தான் கஷ்டம். தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்து, தேநீரும் கொடுத்து, எல்லோரையும் ஒரே வைஃபையில் 5 நட்சத்திரம் போட வைத்தேன். ஒரு வாரத்தில் நான்கு காணாமல் போனது. தப்பு என்னுடையதுதான், சொந்தக்காரர் எழுதுவதே விதிக்கு மாறு. அதேபோல ரிவியூ போட்டால் விலைக்கழிவு என்றும் சொல்லக் கூடாது, சந்தோசமான ஆளாகப் பார்த்துப் பொறுக்கியும் கேட்கக் கூடாது.

இப்போது நான் செய்வது இது. அல்பத்தைக் கையில் கொடுக்கும் நேரத்தில் வாயால் கேட்கிறேன். அன்று இரவு, பெட்டியைத் திறந்து குடும்பமாகப் பார்த்திருப்பார்கள் என்ற கணக்கில், வாட்ஸ்அப்பில் லிங்கை அனுப்புகிறேன். பதிவுக்குள் Ask for reviews என்று இருக்கும், அழுத்தினால் லிங்கும் கியூஆர் குறியும் வரும். செய்தி இவ்வளவுதான்: "அக்கா, அல்பம் பார்த்திருப்பீங்க. எந்த ஊர்ல என்ன விசேசம், படம் எப்பிடி வந்திச்சு, ரெண்டு வரி எழுதினா எனக்குப் பெரிய உதவி. தமிழிலேயே எழுதலாம்." ஊரும் விசேசமும் கேட்பதற்குக் காரணம் உண்டு. வெறும் "சூப்பர்" என்பதை யாரும் நம்பமாட்டார்கள். "நோர்வூட் மண்டபத்தில் கரண்ட் போன பிறகும் தாலி கட்டும் படம் தெளிவாக வந்தது" என்று ஒருவர் எழுதினார். அதை வாசித்துவிட்டுப் பொகவந்தலாவையிலிருந்து ஒருவர் போன் எடுத்து, "தம்பி, எங்க மண்டபத்திலயும் கரண்ட் போகும், பரவாயில்லையா?" என்று கேட்டார்.

எழுத கூகுள் கணக்கு வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் கையில் பெரும்பாலும் அண்ட்ராய்ட் போன், ஆகவே கணக்கு இருக்கும். ஆனால் அதைத் திறந்து கொடுத்தது போன் கடைப் பையனாக இருக்கும். ஒரு அம்மாவின் நல்ல ரிவியூ "User 123" மாதிரி ஒரு பெயரில் வந்து நிற்கிறது. பார்ப்பவருக்குப் பொய் ரிவியூ போலத் தெரியும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன், விசேசத்தையும் மாதத்தையும் குறிப்பிட்டு. அல்பம் மூன்று வாரம் பிந்தியது என்று 3 நட்சத்திரம் போட்டவருக்கும் அப்படித்தான்: பிந்தியது உண்மை, அச்சகத்தில் தாள் இல்லை, முன்கூட்டியே சொல்லாதது என் பிழை என்று எழுதினேன்.

வெளிநாட்டுக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில், மப்பில் பார்த்து இரண்டே பேர் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் நிறைய வரும் எல்ல ஊர்ப் பக்கம் தொழில் செய்பவர் வேறு கணக்குச் சொல்லக்கூடும்.

பேஸ்புக் பக்கத்தை மூடவில்லை. படம் போட, பெண்ணை டெக் பண்ண அதுதான் வசதி. ஆனால் அல்பப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கர் கூகுளுடையது.