ஆட்டத்தின் நடுவில் மோடை அப்டேட் செய்யலாமா? ஸ்கைரிம் மோட் ஒன்றின் மாற்றப் பட்டியலை வைத்து ஓர் அலசல்

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் பாதிக் கதையைத் தாண்டியபின் ஒரு மோடுக்குப் புதிய பதிப்பு வந்தால், மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய பதிப்பிலேயே தொடரலாம், அதே சேவில் அப்டேட் செய்யலாம், புது ஆட்டம் தொடங்கலாம். மாற்றப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: இந்த மாற்றம் வட்டில் உள்ள கோப்போடு நிற்கிறதா, சேவுக்குள் பதிந்துவிட்ட ஒன்றைத் தொடுகிறதா?

துணைவர் மோடு ஒன்றின் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
v2.1
- Fixed mesh clipping on cuirass
- Fixed quest not advancing after stage 40
- Compacted FormIDs, flagged as ESL
```

முதல் வரியில் யோசிக்க ஒன்றுமில்லை. கவசத்தின் வடிவக் கோப்பைக் கேம் வட்டிலிருந்து படித்துக்கொள்கிறது. சேவில் அது இல்லை. இன்று மாற்றிவிட்டு, பிடிக்காவிட்டால் நாளை பழையதைத் திரும்ப வைக்கலாம்.

இரண்டாவது வரிதான் ஆளை இழுக்கும். நாற்பதாம் கட்டத்தில் சிக்கி நிற்பவருக்கு, 'சரிசெய்யப்பட்டது' என்ற சொல்லே போதும். ஆனால் எப்படிச் சரிசெய்தார்கள் என்பதை அந்த வரி சொல்வதில்லை. ஸ்கிரிப்டில் இன்னும் ஓடாத பகுதியைத் திருத்தியிருந்தால், புதிய கோப்பிலிருந்து அது படிக்கப்படும், குவெஸ்ட் நகரும். ஸ்கிரிப்டில் முன்பே இருந்த ஒரு ப்ராபர்ட்டியின் மதிப்பைப் பிளகினில் மாற்றியிருந்தால், சேவில் பதிந்த பழைய மதிப்பே வெல்லும். ஓர் ஆளையோ பொருளையோ குவெஸ்டோடு இணைக்கும் ஏலியஸ் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தால், குவெஸ்ட் தொடங்கும்போது மட்டுமே ஏலியஸ்கள் நிரப்பப்படும் என்பதால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குவெஸ்டில் அது காலியாகவே கிடக்கும். தொடக்கத்தில் ஓடும் `OnInit` நிகழ்வும் மறுபடி ஓடாது. ஆக, ஒரே வரி உங்களைக் காப்பாற்றவும் கூடும், ஒன்றுமே செய்யாமல் விடவும் கூடும்.

இந்த இடத்தில் பழைய பதிப்பிலேயே இருப்பவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கன்சோலில் `setstage` கட்டளையோடு குவெஸ்டின் ஐடியையும் அடுத்த கட்ட எண்ணையும் கொடுப்பது. நடுவில் நடக்கவேண்டியிருந்த சில செயல்கள் விட்டுப்போகலாம். என்றாலும், ஒரு குவெஸ்டுக்காக மோடு முழுவதையும் மாற்றுவதைவிட இது சிறிய ஆபத்து என்பது என் கணக்கு.

மூன்றாவது வரி பார்க்கச் சாதுவானது. உண்மையில் பட்டியலிலேயே மோசமானது அதுதான். மோடின் ஒவ்வொரு பொருளுக்கும், ஆளுக்கும் ஓர் எண் உண்டு. சேவ் அவற்றை அந்த எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. எண்களைச் சுருக்கிவிட்டால், பழைய சேவ் தேடும் எண்ணில் யாரும் இருக்கமாட்டார்கள்: பையிலிருந்த வாள் மறையும், துணைவர் காணாமல் போவார், குவெஸ்ட் அறுந்துபோகும். இந்த வரியைக் கண்டால் அதே சேவில் அப்டேட் செய்வது என்ற வழியை நான் உடனே அடித்துவிடுகிறேன்.

மோடை நீக்கி, சேவ் செய்து, பிறகு புதியதைப் போட்டால் சுத்தமாகிவிடும் என்று சொல்வார்கள். நீக்கிய மோடின் ஸ்கிரிப்ட் எச்சங்கள் சேவிலேயே தங்கிவிடுகின்றன. ரீசேவர் கருவியில் சேவைத் திறந்தால் அவை தெரியும், அழிக்கவும் முடியும். ஆனால் அழித்தபின் சேவ் சரியாக இருக்கும் என்று அந்தக் கருவி உறுதி தருவதில்லை.

மூன்றாவது வரி இல்லாத பட்டியல் என்றால், சோதித்துப் பார்ப்பேன். சேவ் கோப்புறையிலிருந்து `.ess` கோப்பை மட்டும் நகலெடுத்தால் போதாது. ஒரே பெயரிலுள்ள `.skse` கோப்பையும் சேர்த்தே எடுக்கவேண்டும், பல மோடுகள் தங்கள் தகவலை அதில் வைக்கின்றன. மாட் ஆர்கனைசர் 2-இல் புதிய பதிப்பை வேறு பெயரில் நிறுவி, சேவ்களைத் தனியாக வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஒன்றில் இயக்குவது வசதி. கேமில் வீட்டுக்குள் நிற்கும் சேவ் ஒன்றை ஏற்றி, நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். துணைவரைப் பேசவைத்து, மோடு தொடும் இடங்களுக்குப் போய், சேவ் செய்து, கேமை மூடித் திறந்து அந்தச் சேவையும் ஏற்றிப் பாருங்கள். சோதனை தோற்றால் பழைய பதிப்புக்கும் பழைய சேவுக்கும் சேர்ந்தே திரும்பவேண்டும். புதிய பதிப்பில் செய்த சேவைப் பழைய மோடோடு ஏற்றுவது இன்னொரு சிக்கலின் தொடக்கம்.

புது ஆட்டம் தொடங்குவது தொழில்நுட்பத்தில் மிகத் தூய்மையான வழி. நூறு மணி நேரம் ஆடியவரிடம் அதைச் சொல்வதற்குத்தான் மனம் வராது. மேலே உள்ள பட்டியலுக்கு என் முடிவு: இந்த ஆட்டம் முடியும்வரை 2.0-இலேயே இருப்பேன். குவெஸ்ட் நின்றால் கன்சோல். கவசம் உடம்பைத் துளைத்துக்கொண்டு தெரிவது பொறுக்கமுடியாவிட்டால், 2.1-இன் `meshes` கோப்புறையை மட்டும் எடுத்துத் தனி மோடாக நிறுவி, அது 2.0-இன் கோப்புகளை மேலெழுதும்படி வைப்பேன். கோப்புகள் பி.எஸ்.ஏ. காப்பகத்துக்குள் இருந்தால் முதலில் பிரித்தெடுக்கவேண்டும். கோப்பின் பெயரும் பாதையும் 2.0-இல் இருந்தபடியே இருந்தால்தான் இது பலிக்கும்.