விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து மொழிபெயர்த்தல்: மூன்று வருட அனுபவம்

பனையோலைப் பெட்டி, சுளகு, கூடை என்பவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு தொழில் எங்களுடையது. வாங்க வருகிறவர்கள் நீட்டும் விசிட்டிங் கார்டுகளை மூன்று வருடங்களாகப் போன் கமராவால் படம் எடுத்து, ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழாக்கித்தான் படிக்கிறேன். இப்போதும் அதே செயலிதான். ஆனால் பயன்படுத்தும் முறை முழுக்க மாறிவிட்டது. அதற்குக் காரணம் முதல் வருடம் கிடைத்த ஒரு ஜேர்மன் கார்டு.

அதில் பெயருக்குக் கீழே இரண்டு பதவிகள், நிறுவனம் என்ன செய்கிறது என்று ஒரு வரி, பிறகு முகவரியும் எண்களும். செயலி காட்டிய தமிழில் பதவி ‘ஏணி கொள்முதல்’ என்றும், நிறுவனம் ‘பின்னல் பொருட்கள் மொத்த வியாபாரம்’ என்றும், முகவரியின் கடைசி வரி ‘உணவு’ என்றும் இருந்தது. உணவு என்று கண்டதும், இவர் சாப்பாட்டுச் சாமான் வாங்குகிறவர் என்று நினைத்து, பனங்கட்டி, ஒடியல் விலைகளை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

பிறகு டோட்முண்டில் இருக்கும் சித்தப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். பார்த்தவுடன் அழைத்தார். “தம்பி, அது சாப்பாடில்லை. எசன் எண்டது எங்களுக்குப் பக்கத்து நகரம்.” ஜேர்மன் மொழியில் ‘எசன்’ என்றால் உணவு என்றும் பொருள், செயலி ஊர்ப் பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டது. ஏணியும் அப்படித்தான். ‘லைற்றர்’ என்ற சொல்லுக்குத் தலைவர், ஏணி என்று இரண்டு பொருள். வாக்கியத்தில் முன்னால் ‘டெர்’ வந்தால் தலைவர், ‘டீ’ வந்தால் ஏணி. கார்டில் வாக்கியமே கிடையாதே, எதை வைத்துப் பிரிப்பது? அவர் உண்மையில் கொள்முதல் பிரிவுத் தலைவர்.

‘பின்னல்’ பிழையில்லை, ஆனால் நமக்கு அது கம்பளிச் சட்டை மாதிரி ஒலிக்கும். சித்தப்பா விளக்கிய பிறகுதான் அது கூடை, பெட்டி இழைக்கிற வேலை என்று புரிந்தது. ‘இழைத்த பொருட்களின் மொத்த வியாபாரம்’ என்று வந்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும். எங்கள் பெட்டிகளைத் தேடி வந்தவருக்கு நான் ஒடியல் விலை அனுப்பியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது பதவி ‘புறோகுறிஸ்ற்’. செயலி ‘அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி’ என்றது. ஏதோ நடுத்தரப் பதவி என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் அது நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தங்களில் கையொப்பமிட அதிகாரம் உள்ளவர் என்ற பொருள். அந்த அதிகாரம் வணிகப் பதிவேட்டிலும் பதியப்படும். அதாவது ஓடரை உறுதிசெய்யும் அளவுக்கு அதிகாரம் உள்ளவர், சில நிறுவனங்களில் இன்னொருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டியிருக்கும். இதற்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடுவதைவிட, மூலச் சொல்லை வைத்துப் பக்கத்தில் ‘நிறுவனத்துக்காகக் கையொப்பமிடலாம்’ என்று எழுதிவைப்பதே மேல்.

எண்ணும் சிக்கல்தான். கார்டில் `+49 (0)201` என்று தொடங்கி, முடிவில் `-25` என்று இருந்தது. அடைப்புக்குள் உள்ள 0 ஜேர்மனிக்குள் இருந்து அழைப்பவர்களுக்கு. இங்கிருந்து அழைக்கும்போது அதை விட்டுவிட வேண்டும். செயலி அதையும் சேர்த்தே அழைத்தது, இணைப்புக் கிடைக்கவில்லை. கடைசி 25 அவருடைய மேசையின் நேரடி எண். அதற்குப் பதிலாக 0 போட்டால் பெரும்பாலும் வரவேற்பு மேசைக்குப் போகும். அவர் லீவில் நின்றபோது அது எனக்கு உதவியது.

இப்போது கார்டை மேசையில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறேன். பளபளப்பான கார்டில் ஃபிளாஷ் பட்டால் மின்னஞ்சல் வரிதான் முதலில் கெடும். படத்தின்மேல் தமிழ் ஒட்டிக் காட்டும் வசதியை நான் தொடுவதில்லை. முதலில் மூல எழுத்தை மட்டும் எடுத்து, கார்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறேன். `ß` என்பதை `B` என்று வாசிப்பது அடிக்கடி நடக்கும். `ü` உள்ள பெயர் மின்னஞ்சலில் பெரும்பாலும் `ue` என்று இருக்கும். அதைப் பெயர்போலத் திருத்தப் போனால் மடல் திரும்பி வந்துவிடும்.

அப்புறம் பதவியையும் நிறுவன வரியையும் மட்டும்தான் மொழிபெயர்க்கக் கொடுக்கிறேன். இரண்டு பொருள் வந்தால் கார்டின் மற்ற வரிகளோடு எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பேன். வீதி, ஊர், மின்னஞ்சல் மூலத்தில் உள்ளபடியே இருக்கும். பெயரை மூல எழுத்தில் சேமித்து, அடுத்த வரியில் உச்சரிப்பைத் தமிழில் எழுதுகிறேன். கார்டின் பின்பக்கத்தில் முழு வாக்கியங்களில் அறிமுகம் இருந்தால், அதைச் செயலி நன்றாகவே தமிழாக்குகிறது. அங்கே அதை நம்பலாம்.

எசன்காரருக்கு இரண்டாவது மடல் எழுதினேன், இந்த முறை பெட்டிகளின் படங்களோடு. நாலாம் நாள் அவரே அழைத்து, மூடி உள்ள பெட்டி என்ன விலை என்று கேட்டார்.