கைகலப்புக் காட்சி: அடிப்பவன் கண்ணிலா, பார்ப்பவர் கண்ணிலா?

சண்டை தெரியாத இருவர் அடித்துக்கொள்வதை யார் கண்வழியாகச் சொல்வது என்று கதை எழுதும் பலர் குழம்புகிறார்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடைத் தகராறு, பங்காளிகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம்.

தடுமாற்றம்
அடிப்பவன்: மூக்கைக் குறிவைத்த குத்து நெற்றி எலும்பில் விழுகிறது. அரை நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. அப்புறம் சட்டையைப் பிடித்துத் தொங்குவதுதான்.
பார்ப்பவர்: கூடை சரிந்து, மாங்காயில் கால் வழுக்கி இருவரும் விழுவது முழுசாகத் தெரியும். இதில் இவரே மேல்.

பயம்
அடிப்பவன்: பார்வை குறுகும், கூச்சல் தூரத்தில் கேட்கும், வலி உடனே தெரியாது.
பார்ப்பவர்: சிமெண்ட் தரையில் பின்மண்டை மோதும் சத்தம். "விடுடா, செத்துடப் போறான்!"

பின்விளைவு
அடிப்பவன்: இங்கேதான் இவன் பலம். மறுநாள் சுண்டுவிரல் பக்கம் புறங்கை வீங்கியிருக்கிறது. முஷ்டி மடக்கினால் அந்த மொளியின் மேட்டைக் காணோம். உள்ளே எலும்பு முறிந்திருக்கிறது. அதைவிட மோசம், பங்காளியின் பல் பட்டு மொளியில் விழுந்த சின்னக் கீறல். மஞ்சள் வைத்துவிட்டு விடுகிறான். வாய்க்கிருமி மூட்டுக்குள் போய், ஓரிரு நாளில் சீழ் பிடிக்கிறது. தாமதித்தால் விரல் கடைசிவரை சரியாக மடங்காமலே போகலாம். அடுத்த சீசனில் கூடையைத் தூக்கும்போது அந்தக் கை நழுவட்டும்.
பார்ப்பவர்: அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இந்த வீட்டுக்கு வராததை மட்டுமே சொல்ல முடியும்.

ஊரும் உறவும் உடைவது கதையென்றால் பார்ப்பவரை எடுங்கள். ஒருவனின் உடம்பும் குற்ற உணர்வும் கதையென்றால் அடிப்பவன்தான் சரி.