மூன்று பருவம், ஒரு நோட்டு: எந்த வானிலைத் தளத்தை நம்பி மருந்தடிப்பது?

மூன்று பருவத்துக்கு முன் என் போனில் ஐந்து வானிலைச் செயலிகள் இருந்தன. காலையில் ஐந்தையும் திறப்பேன், நமக்குப் பிடித்த பதிலை எது சொல்கிறதோ அதை நம்பிக்கொண்டு வயலுக்குப் போவேன். மருந்தடிக்க வேண்டிய நாளில் மழை இல்லை என்று சொல்லும் செயலிதான் நல்ல செயலி! இப்படி இரண்டு முறை மருந்து கழுவிக்கொண்டு போன பிறகு, மூன்றை அழித்துவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று அரசு வானிலை மையத்தின் தளம், அதோடு வரும் வேளாண் ஆலோசனை அறிக்கையும் சேர்த்து. இன்னொன்று சந்தா கட்டும் தனியார் விவசாயச் செயலி. முதல் பருவம் சரியாகப் பதிவு செய்யாமல் போய்விட்டது. இரண்டாவது பருவத்தில் இரண்டையும் தினமும் நோட்டில் எழுதிவைத்து ஒப்பிட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் வேண்டியது சொந்த மழைமானி. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலை ஒரு கேனில் செருகி, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்தேன். அந்தப் புனலின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஆகவே கேனில் சேரும் ஒவ்வொரு 31.4 மில்லி தண்ணீரும் ஒரு மில்லிமீட்டர் மழை. ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அதை மழை நாள் என்று எழுதினேன். அதற்குக் கீழே தூறல், இலை நனையும், மண் நனையாது.

முதல் மாதக் கணக்கு முழுக்கத் தப்பு. காரணம் சிரிப்பாக இருக்கும். நான் காலை எட்டரைக்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுகிறேன். ஆனால் கேனில் இருப்பது முந்தின நாள் காலையிலிருந்து அதுவரை பெய்த மழை. நேற்று மாலை பெய்ததை இன்றைய மழையாக எழுதிவிட்டு, "இன்று மழை இல்லை என்றாயே" என்று செயலியைத் திட்டிக்கொண்டிருந்தேன். செயலியோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள் என்று கணக்கிடுகிறது. அப்புறம் மழை பெய்த நேரத்தையும் எழுத ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஒரே நாள் கணக்குக்குக் கொண்டுவந்தேன். யாராவது ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் 92 நாள் பதிவு. என் வயலில் மழை பெய்தது 22 நாள். முந்தின நாள் மாலை வந்த முன்னறிவிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். தனியார் செயலி 41 நாளுக்கு மழை என்றது. அதில் 18 நாள் பெய்தது, 23 நாள் பெய்யவில்லை. மழை இல்லை என்று சொல்லிவிட்டுப் பெய்த நாள் நான்கு. மொத்தத்தில் 92க்கு 65 நாள் சரி.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுவது. 65 நாள் சரி என்றால் நூற்றுக்கு 71. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் எதையும் பார்க்காமல் தினமும் "நாளை மழை இல்லை" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் 70 நாள் சரியாக இருந்திருக்கும், நூற்றுக்கு 76. இது புதிய கதையும் இல்லை. 1884இல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி, சூறாவளி முன்னறிவிப்பில் 96.6 விழுக்காடு சரி என்று கணக்குக் காட்டினார். "சூறாவளி வராது" என்று எப்போதும் சொல்லியிருந்தாலே 98.2 விழுக்காடு வந்திருக்கும் என்று பிறகு எடுத்துக்காட்டினார்கள். ஆகவே "90 விழுக்காடு துல்லியம்" என்று எந்தத் தளமாவது விளம்பரம் போட்டால், எதில் 90 என்று கேட்க வேண்டும். மழை குறைவான ஊரில் அந்த எண்ணை யாரும் வாங்கிவிடலாம்.

அரசு அறிக்கையைக் கணக்கில் கொண்டுவர ஒரு சிக்கல் இருந்தது. அது "மழை" என்று ஒரே வார்த்தையில் சொல்வதில்லை. ஓரிரு இடங்களில், சில இடங்களில், பல இடங்களில், பெரும்பாலான இடங்களில் என்று நான்கு படி. இதை வெறும் சம்பிரதாயப் பேச்சு என்றே பல வருடம் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. சில இடங்கள் என்றால் பாதி வரை, பல இடங்கள் என்றால் முக்கால் வரை, அதற்கு மேல் போனால் பெரும்பாலான இடங்கள்.

"சில இடங்களில்" என்பதிலிருந்து மேலே உள்ளதை மட்டும் மழை என்று கொண்டால், அரசு அறிக்கை 27 நாள் மழை சொன்னது. 15 பெய்தது, 12 பொய்த்தது, சொல்லாமல் பெய்தது ஏழு. "ஓரிரு இடங்களில்" என்பதையும் மழையாகச் சேர்த்தால் 46 நாள் சொன்னதாகிறது. அதில் 20 பெய்தது, 26 பொய்த்தது, தவறவிட்டது இரண்டே இரண்டு. அறிக்கை அதேதான், நான் எந்தப் படியில் கோடு போடுகிறேன் என்பதைப் பொறுத்து வேறு வேறு கருவியாகிறது.

இது புரிந்த பிறகு "எது நல்ல தளம்" என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். எந்த வேலைக்கு என்றுதான் பார்க்கிறேன். மருந்தடிப்புக்குச் சொல்லாமல் வரும் மழை ஆபத்து, சொல்லிவிட்டு வராத மழையால் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆகவே மருந்தடிக்கும்போது "ஓரிரு இடங்களில்" என்பதையும் மதிக்கிறேன். தண்ணீர் பாய்ச்சுவதில் நேர் எதிர். மழை வரும் என்று நம்பிப் பாய்ச்சலை நிறுத்தி, மழை பொய்த்தால் பயிர் வாடும். அதனால் "பல இடங்களில்" என்று வந்தால் மட்டுமே பாய்ச்சலை ஒத்திவைக்கிறேன், அதுவும் ஒரு நாளுக்கு. அந்தத் தனியார் செயலியை நம்பி நிறுத்தியிருந்தால் பாதிக்கு மேல் ஏமாந்திருப்பேன்.

ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தக்காளியில் கருகல் தென்பட்டு மருந்தடிக்க வேண்டியிருந்தது. அரசு அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை". செயலியில் மணிவாரிப் படம், மாலை நான்கு மணிக்கு மட்டும் மழை மேகம், மற்ற நேரமெல்லாம் வெயில். நான் விடியற்காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டேன். பக்கத்து வயல்காரர் அந்த நான்கு மணியை நம்பி மதியம் பன்னிரண்டுக்கு ஆரம்பித்தார். இரண்டரைக்கு மழை கொட்டியது, என் கேனில் 11 மி.மீ. நான் அடித்தது இலையில் காய்ந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது, அவருடையது காயக்கூட இல்லை.

"என்ன அண்ணே, நாலு மணிக்குத்தானே மழைன்னு போட்டிருந்தது?" என்றார்.

வெப்பத்தால் எழும் இடிமழையில் மணி சொல்ல எந்தக் கணினி மாதிரியாலும் முடியாது என்பதுதான் விஷயம். இந்தச் செயலிகள் பெரும்பாலும் சொந்தமாக வானிலை கணிப்பதில்லை. அமெரிக்க அரசின் GFS, ஐரோப்பிய மையத்தின் ECMWF, ஜெர்மன் வானிலைத் துறையின் ICON போன்ற கணினி மாதிரிகளின் வெளியீட்டை வாங்கி, அழகாக வரைந்து தருகின்றன. GFS பூமியைக் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது, ECMWFஇன் முதன்மை மாதிரி 9 கிலோமீட்டர். ஒரு இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே பிறந்து முடிந்துவிடும். உங்கள் வயலில் 30 மி.மீ. கொட்டி அடுத்த ஊரில் ஒன்றுமே இல்லாமல் போகும் நாளில், கட்டத்தின் சராசரி 6 மி.மீ. என்று வரும். "உங்கள் வயலுக்கான துல்லிய முன்னறிவிப்பு" என்ற வாசகத்தை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். சந்தேகம் இருந்தால் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதே எண்கள்தான் வரும்.

இன்னொன்று, அரசு, தனியார் என்ற கோடும் நினைக்கிற மாதிரி நேராக இல்லை. yr.no என்பது நார்வே அரசு வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது, உலகத்தில் எந்த ஊருக்கும் இலவசமாகப் பார்க்கலாம். Windy தனியார் தளம், ஆனால் ECMWF, GFS, ICON மூன்றையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் பார்க்க விடுகிறது. மூன்றும் ஒத்துப்போனால் ஓரளவு நம்புவேன். ஒன்று மழை, ஒன்று வெயில் என்றால் எனக்குக் கிடைத்த தகவல் "தெரியாது" என்பதுதான், அதற்கேற்றபடி முடிவெடுப்பேன். எந்த மாதிரி, எத்தனை மணிக்குப் புதுப்பித்தது என்று காட்டாத தளத்தை நான் திறப்பதே இல்லை.

அன்றன்றைக்கு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் என்றால் அரசு வானிலை மையத்தின் ராடார் படத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. அடுத்தடுத்த நான்கைந்து படங்களைப் பார்த்தால் மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே எச்சரிக்கை, படத்தின் மூலையில் UTC என்று போட்டிருந்தால் அது உலகப் பொது நேரம், நம் கடிகார நேரம் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கூட்டாமல், புதிய படத்தைப் பழையது என்று நினைத்து ஒருமுறை நனைந்திருக்கிறேன்.

பயிர் ஆலோசனைக்கு வருவோம். அந்தத் தனியார் செயலி "கருகல் நோய் அபாயம் அதிகம்" என்று சிவப்பில் காட்டும். அதைத் தொட்டால் ஒரு மருந்தின் வணிகப் பெயர், கீழேயே வாங்கும் பொத்தான். அபாயத்தை எந்த ஈரப்பதம், எத்தனை மணி நேர இலை ஈரம் என்று வைத்துக் கணக்கிட்டார்கள் என்று எங்கும் இல்லை. மருந்து விற்பவரே நோய் வரும் என்றும் சொல்கிறார், சரி, அவர் பிழைப்பு அது. நான் அந்தச் சிவப்பை வயலுக்குப் போய் அடி இலையைப் புரட்டிப் பார்ப்பதற்கான நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொண்டேன். பல முறை இலை சுத்தமாக இருந்தது.

அரசு ஆலோசனை வேதிப்பொருளின் பெயரைச் சொல்லும். மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் என்று எழுதியிருந்தால் கடையில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டிலும் பின்பக்கம் பார்த்து வாங்கலாம். இதுதான் அதன் பெரிய பலம். ஆனால் குறையும் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறைதான் வருகிறது. ஒரு பருவத்தில் தொடர்ந்து மூன்று வாரம் அதே பத்தி, ஒரு எழுத்து மாறாமல் வந்தது. என் பயிர் பூவிலிருந்து காய்க்குப் போய்விட்டது, அறிக்கை நாற்று நடுவதிலேயே நின்றுகொண்டிருந்தது. இப்போது வெளியான தேதியையும் பயிரின் வயதையும் பார்த்த பிறகுதான் மீதியைப் படிக்கிறேன்.

சந்தாவை இந்த வருடம் புதுப்பிக்கவில்லை. நோட்டில் மட்டும் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன், மழை வாய்ப்பு 30 விழுக்காடு என்று ஒரு தளம் சொன்ன நாட்களுக்கு. அப்படிப் பத்து நாள் வந்தால் சுமார் மூன்று நாள் பெய்ய வேண்டும். பெய்யவே இல்லை என்றாலும் தளம் தப்பு, எட்டு நாள் பெய்தாலும் தப்பு. இதுவரை 14 நாள் வந்திருக்கிறது, நான்கு நாள் பெய்திருக்கிறது.