இச்சிமோக்கு பேக்டெஸ்ட் விற்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இச்சிமோக்கு என்பது பழைய உச்சம், அடி விலைகளின் நடுவை எடுத்துச் சார்ட்டில் சில கோடுகளும் மேகம் என்ற பட்டையும் வரையும் முறை. தினசரி சார்ட்டில் அந்த மேகத்தை வைத்து வாங்கவும் விற்கவும், பழைய விலைகளில் "முழுக்கச் சோதித்த விதிகள்" என்று ஒருவர் விற்ற தொகுப்பை வாங்கி ஏமாந்தேன். ஒரு பைத்தான் ஃபைல், ஒரு விதித்தாள், ஒரு பங்கின் 10 வருட முடிவு அட்டவணை, இவ்வளவுதான் அதில் இருந்தது. அட்டவணையில் 31 டிரேடு, அவற்றில் 27 லாபம். அதை நம்பித்தான் பணம் கட்டினேன். அந்த எண்கள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது, ஒரு நஷ்டமும் ஆனது.

முதலில் நடந்தது விசித்திரமாக இருந்தது. தினமும் மாலை புதிய தரவை ஏற்றி ஃபைலை ஓட்டுவேன். ஐந்து வாரம் ஒரு சிக்னல்கூட வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தது, ஆனால் தேதி அன்றைக்கு இல்லை. சரியாக 26 வர்த்தக நாட்களுக்கு முந்தைய தேதி. விற்றவரிடம் கேட்டேன். "நீங்கதான் கவனிக்காம விட்டுட்டீங்க, பாருங்க எவ்வளவு ஏறியிருக்கு" என்றார். அந்தப் பழைய தேதியில் நானும் ஃபைலை ஓட்டியிருக்கிறேன், அன்று அந்த வரி காலியாகத்தான் இருந்தது என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல், "லைவுக்கு வேற ஃபைல்" என்று இரண்டாவது ஒன்றை அனுப்பினார்.

அந்த இரண்டாவது ஃபைலை நம்பித்தான் வாங்கினேன். அன்றைய நிலவரம் இது. முந்தைய நாள் முடிவு விலை 396, அன்று 412. மேகத்தின் மேல் விளிம்பு 398, அதைத் தாண்டியாயிற்று. கடந்த 9 நாளின் உச்சம் 418, அடி 384, இரண்டுக்கும் நடு 401, அதுதான் டென்கன். கடந்த 26 நாளின் உச்சம் 418, அடி 360, நடு 389, அது கிஜுன். டென்கன் கிஜுனுக்கு மேலே இருந்தது. மறுநாள் திறப்பு விலையில், 415க்கு வாங்கினேன். பங்கு 424 வரை போய்விட்டுத் திரும்பியது. 12 நாள் கழித்து முடிவு விலை 386, அன்றைய கிஜுன் 392. கிஜுனுக்குக் கீழே முடிந்தால் வெளியேற வேண்டும் என்பது விதி. மறுநாள் 381ல் திறந்தது, விற்றேன். பங்குக்கு 34 போனது.

நஷ்டம் வருவதில் தவறில்லை, எந்த விதிக்கும் வரும். ஆனால் சில வாரம் கழித்து முதல் ஃபைலை மறுபடி ஓட்டியபோது இந்த டிரேடு அதில் இல்லவே இல்லை. எனக்குச் சிக்னல் வந்த நாளின் வரியில் அது சிக்னலே காட்டவில்லை. அன்றிரவுதான் அந்த முதல் ஃபைலை வரி வரியாகப் படித்தேன்.

```python
df["chikou"] = df["close"].shift(-26)
buy = (df["close"] > top) & (df["chikou"] > df["close"])
```

இதில் `top` மேகத்தின் மேல் விளிம்பு. சிக்கோ என்பது இன்றைய முடிவு விலையை 26 நாள் பின்னால் தள்ளி வரையும் கோடு. சார்ட்டில் பார்க்கும்போது அதில் கோளாறு இல்லை. இன்றைய விலையை 26 நாளுக்கு முந்தைய விலையோடு கண்ணால் ஒப்பிடத்தான் அப்படி வரைகிறார்கள். ஆனால் அதே தள்ளலைத் தரவு அட்டவணையில் செய்தால், ஒவ்வொரு நாளின் வரியிலும் 26 நாள் கழித்து வரப்போகும் விலை வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேலே உள்ள இரண்டாவது நிபந்தனையைப் பேச்சில் சொன்னால், "26 நாள் கழித்து விலை ஏறியிருந்தால் இன்று வாங்கு". எனக்குச் சிக்னல் வந்த நாளுக்கு 26 நாள் பிறகு முடிவு விலை 377. 412ஐ விடக் குறைவு, அதனால் அந்த டிரேடு அட்டவணைக்குள் வரவே இல்லை. தோற்ற டிரேடுகள் பெரும்பாலும் இப்படித்தான் காணாமல் போயிருந்தன. கடைசி 26 வரிகளில் எதிர்கால விலை இல்லாததால் சிக்னலும் வரவில்லை. ஐந்து வார மௌனத்துக்குக் காரணம் அதுதான்.

சிக்கோ விதியைச் சரியாகச் சொன்னால் மிக எளிது: இன்றைய முடிவு, 26 நாளுக்கு முந்தைய முடிவை விட அதிகமாக இருக்க வேண்டும். எனக்குச் சிக்னல் வந்த நாளில் அந்தப் பழைய முடிவு 371, ஆகவே நிபந்தனை நிறைவேறுகிறது. அதாவது நேர்மையாகச் சோதித்திருந்தாலும் இந்த நஷ்டம் வந்திருக்கும், ஆனால் அட்டவணையில் தெரிந்திருக்கும். மேகம் இதற்கு நேர்மாறு. இன்றைய மேகம் 26 நாளுக்கு முன் கணக்கிட்ட எண்களில் இருந்து வருவது, அதனால் அதை முன்னோக்கித் தள்ளுவது சரி.

```python
top = np.maximum(df["a"], df["b"]).shift(26)
buy = ((df["close"] > top) & (df["tenkan"] > df["kijun"])
       & (df["close"] > df["kijun"])
       & (df["close"] > df["close"].shift(26)))
```

இதில் `a` டென்கனுக்கும் கிஜுனுக்கும் நடு, `b` 52 நாள் உச்சத்துக்கும் அடிக்கும் நடு. விலை கிஜுனுக்கு மேலே இருக்க வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனை அவருடைய விதித்தாளில் இல்லை. அது இல்லாவிட்டால், விலை மேகத்துக்கு மேலேயும் கிஜுனுக்குக் கீழேயும் இருக்கும் நாளில் வாங்கு, விற்றுவிடு என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகிவிடும். இன்னொன்று, நேற்று நிறைவேறாமல் இன்று புதிதாக நான்கும் நிறைவேறும் நாளை மட்டும் என்ட்ரியாக எடுங்கள். சில சார்ட் மென்பொருள்கள் இன்றைய நாளையும் சேர்த்து எண்ணி 25 நாள்தான் தள்ளும். ஃபைலின் கணக்கும் சார்ட்டும் ஒரு நாள் விலகி நின்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டாவது ஓட்டை சிறியது, ஆனால் எல்லா டிரேடிலும் இருந்தது. சிக்னல் வந்த நாளின் ஏற்றத்தையே லாபத்தில் சேர்த்திருந்தார். 396ல் இருந்து 412க்குப் போன அந்த 16 யாருக்கும் கிடைக்காது. சந்தை மூடிய பிறகுதான் சிக்னலே தெரியும். வாங்குவதும் விற்பதும் மறுநாள் திறப்பு விலையில் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வெளியேறும்போதும் கிஜுன் விலையான 392 கிடைக்காது, எனக்குக் கிடைத்த மாதிரி 381தான் கிடைக்கும்.

இரண்டையும் சரிசெய்து அதே பங்கில், அதே 10 வருடத்துக்கு ஓட்டினேன். 58 டிரேடு, லாபம் 22. மொத்தத்தில் கொஞ்சம் லாபம் மிஞ்சியது, அதில் பெரும்பகுதி இரண்டு மூன்று நீண்ட ஏற்றங்களில் இருந்து வந்தது. பக்கவாட்டில் நகர்ந்த மாதங்களில் மேகம் மெலிந்து, வரிசையாகச் சிறு நஷ்டங்கள். போக்கைப் பின்தொடரும் விதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதை முதலிலேயே காட்டியிருந்தால் நான் வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருந்திருக்கலாம், தெரிந்து முடிவெடுத்திருப்பேன்.

யாராவது உங்களுக்கு இப்படி ஒரு ஃபைல் கொடுத்தால், பைத்தான் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு சோதனை செய்ய முடியும். பழைய சிக்னல் ஒன்றின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிந்தைய வரிகளையெல்லாம் தரவில் இருந்து நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சிக்னல் அப்படியே இருந்தால், அந்தத் தேதியில் அது எதிர்காலத்தைப் பார்க்கவில்லை. மறைந்தால் பார்த்திருக்கிறது. பத்துப் பதினைந்து தேதிகளில் செய்யுங்கள். அவருடைய ஃபைலில் 31ஐயும் இப்படிச் செய்து பார்த்தேன், 31ம் மறைந்தன.

இந்த முடிவுகளைத் தேதியோடு அவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சார்ட்லயும் சிக்கோ அப்படித்தானே வரையிறாங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை. நேற்று பார்த்தபோதும் அதே 27/31 அட்டவணையை வைத்துத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார்.